அக்கா வீட்டு ஃபியூஸ் போர்டு: எலெக்ட்ரீஷியன் வருமுன் படத்தில் படித்தது

அக்கா போனில் சொன்னது இவ்வளவுதான்: "வாஷிங் மிஷின் போட்டா ஃபியூஸ் போகுதுடா. வீடு முழுக்க இருட்டாயிடுது. மேல தள்ளினா திரும்ப வந்துடுது." எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, தேவையான சாமான் கையில் இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறார். அவர் வந்த நேரத்தில் மிஷின் ஒழுங்காக ஓடியதால் கோளாறும் பிடிபடவில்லை. மறுபடி கூப்பிட்டபோது, "போர்டைத் தெளிவா போட்டோ எடுத்து அனுப்புங்க, எதுல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி எடுத்துட்டு வரேன்" என்றார். அந்த வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். அதைச் செய்த விதமும், அதில் நான் தவறாகப் படித்த ஒரு எண்ணும் இங்கே.

அக்கா முதலில் அனுப்பிய படத்தில் ஃபிளாஷ் வெளிச்சம்தான் இருந்தது. பிளாஸ்டிக் பளபளவென்று மின்னி, நடுவில் இருந்த நான்கு லிவர்களின் எழுத்து முழுக்க வெள்ளையாகிவிட்டது. அதனால் நானே நேரில் போனேன். ஃபிளாஷை அணைத்தேன். போர்டின் முகப்பை உலர்ந்த துணியால் துடைத்தேன். ஈரத்துணி கூடாது. போனைப் போர்டுக்கு மிக அருகில் கொண்டுபோனால் அதன் நிழலே எழுத்தின் மேல் விழுகிறது. கை நீளத்துக்குத் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்ததுதான் தெளிவாக வந்தது. முதலில் போர்டு முழுக்க ஒரு படம். பிறகு இடமிருந்து வலமாக, இரண்டு மூன்று லிவர்களுக்கு ஒரு படம் வீதம், ஒன்றின் ஓரம் அடுத்த படத்திலும் வருமாறு எடுத்தேன். அப்படி எடுத்தால்தான் எந்த எழுத்து எந்த லிவருடையது என்று பின்னால் குழம்பாது.

அச்சு மங்கிப்போன இடத்தில் டார்ச்சை நேராக அடித்துப் பயனில்லை. பக்கவாட்டில், சுவரோடு ஒட்டினாற்போல வைத்து அடித்தால், பிளாஸ்டிக்கில் புடைப்பாக வார்த்த எழுத்துகளுக்கு ஓரத்தில் நிழல் விழுந்து படிக்கக் கிடைக்கின்றன. கதவின் உட்புறம் ஒட்டியிருந்த காகிதம், மீட்டருக்கு முன்னால் இருந்த சீல் வைத்த பெட்டி, மிஷினின் பின்புறத் தகடு ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டேன்.

முகப்பு மூடியின் திருகில் கை வைக்கவில்லை. மெயினை அணைத்துவிட்டாலும், அதற்குள் வந்து சேரும் வயரும் அது முறுக்கியிருக்கும் முனையும் மின்சாரத்தோடேதான் இருக்கும். அங்கே எனக்கு வேலை இல்லை. வெளியிலிருந்து தெரிவதை மட்டும் படிப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

சரி, படிப்பதற்கு வருவோம். போர்டில் மொத்தம் 12 இடம். எம்சிபி என்பது மின்னோட்டம் அளவுக்கு மீறினால் தானாக விழும் சுவிட்ச். ஒரு சாதாரண எம்சிபியின் அகலம் சுமார் 18 மில்லிமீட்டர், அது ஓர் இடம். இந்த அளவு எல்லாக் கம்பெனிக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் படத்தில் எழுத்து தெரியாவிட்டாலும் அகலத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். இரண்டு இடம் பிடித்து உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் இரட்டை முனைக் கருவி. அக்கா வீட்டில் இடக்கோடியில் அப்படி இரண்டு கருவிகள் இருந்தன. அவற்றுக்குப் பிறகு ஒற்றை அகலத்தில் ஆறு, கடைசியில் இரண்டு வெற்று மூடிகள். வெற்று மூடிகளையும் எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். புதிதாக ஒன்று சேர்க்க இடம் இருக்கிறதா என்பதுதான் எலெக்ட்ரீஷியன் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று.

முதல் கருவியில் 63A என்று இருந்தது. முன்னால் எழுத்து எதுவும் இல்லை. எம்சிபியாக இருந்தால் எண்ணுக்கு முன்னால் B, C, D என்று ஓர் எழுத்து இருக்கும். அது எவ்வளவு பெரிய மின்னோட்டத்தில் உடனடியாக விழும் என்பதைச் சொல்கிற எழுத்து. B என்றால் எழுதிய ஆம்பியரைப் போல 3-லிருந்து 5 மடங்கு, C என்றால் 5-லிருந்து 10 மடங்கு, D என்றால் 10-லிருந்து 20 மடங்கு. எழுத்தே இல்லாமல் ஆம்பியர் மட்டும் இருந்து, பக்கத்தில் AC-22A என்றும் இருந்தால் அது வெறும் சுவிட்ச், அதாவது ஐசொலேட்டர். கையால் அணைத்தால்தான் அணையும். 63 ஆம்பியரைத் தாண்டினாலும் தானாக விழாது. வீட்டில் எல்லாரும் அதை "மெயின் ஃபியூஸ்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது கருவியில்தான் நான் தவறினேன். அதில் 40A என்று பெரிதாக இருந்தது. T என்று எழுதிய சிறு பொத்தான் ஒன்று. அதன் கீழே பொடி எழுத்தில் IΔn என்று தொடங்கும் ஒரு வரி. பொத்தானும் அந்தக் குறியும் இருந்தால் அது ஆர்சிசிபி. ஃபேஸில் போன மின்னோட்டம் முழுக்க நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வராமல் எர்த் வழியாகவோ ஓர் ஆளின் உடம்பு வழியாகவோ எங்காவது கசிந்தால் விழும். எவ்வளவு கசிந்தால் விழும் என்பதுதான் IΔn. படத்தில் நான் அதை 0.3A என்று படித்து, அப்படியே எழுதி அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன்.

உடனே அவரிடமிருந்து போன். "300 மில்லி ஆம்பியரா? நல்லா பாருங்க. 300-ன்னா அது தீப்பிடிக்காம தடுக்கத்தான் ஓரளவு உதவும், ஆளை ஷாக்கிலேருந்து காப்பாத்தாது. நான் அதைக் கட்டாயம் மாத்தியாகணும்." மறுபடி போய், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்தேன். 0.03A என்று தெளிவாக இருந்தது. புள்ளிக்குப் பின்னால் இருந்த பூஜ்யத்தின் மேல்தான் முதல் படத்தில் ஒரு வெளிச்சக் கோடு விழுந்திருந்தது. ஒரு பூஜ்யம் மறைந்ததில் 30 மில்லி ஆம்பியர் 300 ஆகிவிட்டது. ஆளைக் காப்பதற்கென்று வீட்டில் வைக்கும் கருவிகளில் வழக்கமாக இருப்பது 30. அதைவிடப் பெரிதாகப் படித்தால், எழுதி அனுப்பும் முன் இன்னொரு படம் எடுத்துவிடுவது நல்லது. சில கருவிகளில் 0.03A என்பதற்குப் பதிலாக 30mA என்றே இருக்கும், இந்தக் குழப்பம் வராது.

அதே கருவியில் சின்னச் சதுரத்துக்குள் ஓர் அலைக்கோடு இருந்தது. அலைக்கோடு மட்டும் என்றால் ஏசி வகை. அலைக்கோட்டின் கீழே பாதி அலைகளாக இரண்டு மேடுகளும் இருந்தால் ஏ வகை. உள்ளே மின்னணுப் பலகை இருக்கும் மிஷின்களில் கசிவு நேரான அலையாக வராமல் பாதி பாதியாக வெட்டுப்பட்டு வரலாம். ஏசி வகை அதைச் சரியாக உணர்வதற்கு உத்தரவாதம் இல்லை, ஏ வகை உணரும். மங்கலான படத்தில் அந்த மேடுகள் காணாமல் போய் ஏ வகையும் ஏசி வகைபோலவே தெரியும். அதனால் இதற்கு மட்டும் நான்கு படம் எடுத்தேன். அக்கா வீட்டில் இருந்தது ஏசி வகைதான்.

இன்னொன்று, அந்த 40A. ஆர்சிசிபியில் ஆம்பியர் என்பது அது தாங்கும் அளவு, அதற்கு மேல் போனால் விழும் அளவு அல்ல. அதிகச் சுமையிலிருந்து அதை வேறொன்றுதான் காக்க வேண்டும். மேலே இருப்பது தானாக விழாத ஐசொலேட்டர். அதற்கும் முன்னால் சீல் வைத்த பெட்டியில் வெளியே 60A என்று இருந்தது. கீழே இருக்கும் ஆறு எம்சிபிகளின் எண்களைக் கூட்டினால் 96 வருகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் முழுச் சுமையில் ஓடாது என்றாலும், 40-ஐத் தாண்டினால் தடுக்க அந்த வரிசையில் எதுவும் இல்லை. இது கோளாறுக்குக் காரணமா என்று எனக்கு அப்போது தெரியாது. எழுதி மட்டும் வைத்தேன்.

எம்சிபிகள் எளிதாகப் படிக்கக் கிடைத்தன. இடமிருந்து C6, C10, C16, C16, C32, C16. ஒவ்வொன்றின் முகத்திலும் கட்டத்துக்குள் 6000 என்றும் அதன் கீழே சதுரத்தில் 3 என்றும் இருந்தது. அந்த 6000-ஐப் பார்த்து அக்கா பதறிவிட்டாள். வீட்டில் ஓடும் மின்னோட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஷார்ட் ஆகும்போது பாயக்கூடிய பெரிய மின்னோட்டத்தில் 6000 ஆம்பியர் வரை அது உடையாமல் துண்டிக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. கீழே இருக்கும் 3, அப்படித் துண்டிக்கும்போது எவ்வளவு சக்தி உள்ளே போகவிடும் என்பதன் தரம். எம்சிபி மாற்றுவதாக இருந்தால் இந்த எண்ணில் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதி அனுப்ப வேண்டும்.

அந்த ஆறில் என் கண் போய் நின்றது C32-இல்தான். எண் பெரிதாக இருந்ததால் மட்டும் அல்ல. மற்ற ஐந்தும் லேசாக மஞ்சள் பாரித்திருக்க, அது மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. லிவரின் நிறம் வேறு, எழுத்தின் வடிவம் வேறு, கம்பெனியும் வேறு. அதாவது பின்னால் வந்து உட்கார்ந்தது. அக்காவிடம் கேட்டேன். "ஆமாடா, ஹீட்டர் போட்டா அது அடிக்கடி விழும். யாரோ வந்து பெருசா ஒண்ணு மாத்திக் குடுத்தாங்க. அப்புறம் விழவே இல்ல."

விழாமல் போனதுதான் பயம். எம்சிபியின் எண் ஹீட்டருக்காக வைப்பது அல்ல, சுவருக்குள் ஓடும் வயருக்காக வைப்பது. வயர் தாங்கும் அளவைவிட எம்சிபி பெரிதாக இருந்தால் வயர் சூடாகிக்கொண்டே இருக்கும், இது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். எம்சிபி தன் எண்ணைத் தாண்டிய உடனே விழுவதும் இல்லை. 1.13 மடங்கில் ஒரு மணி நேரம் வரை விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. C32-க்கு 1.45 மடங்கு என்றால் 46.4 ஆம்பியர். பவர் பிளக்குக்கு வழக்கமாக இழுக்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், பதித்த விதத்தைப் பொறுத்து ஏறக்குறைய 20-லிருந்து 27 ஆம்பியர் வரைதான் தாங்கும். அதில் 46 ஆம்பியர் ஒரு மணி நேரம் வரைகூட ஓடலாம்.

ஆனால் உள்ளே இருப்பது 2.5-தானா, 4-ஆ, 6-ஆ என்பது படத்தில் தெரியாது. மூடிக்கு வெளியே நிற்கும் யாருக்கும் தெரியாது. அதனால் "தவறு" என்று எழுதவில்லை. "C32, பின்னால் மாற்றியது, முன்பு என்ன இருந்தது தெரியாது, வயர் அளவு பார்க்க வேண்டும்" என்று எழுதினேன். தெரிந்ததையும் ஊகத்தையும் ஒரே வரியில் கலந்து எழுதினால் அதைப் படிப்பவர் ஊகத்தையும் உண்மையென்று எடுத்துக்கொள்வார்.

காகிதத்தில் எழுதியிருந்த பெயர்களையும் சரிபார்த்தோம். கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்துவிட்டு, ஒவ்வொரு எம்சிபியாக இறக்கி, எது நிற்கிறது என்று அக்கா ஓடி ஓடிப் பார்த்தாள். இரண்டு பெயர்கள் தவறு. "வாஷிங் மிஷின்" என்று எழுதியிருந்தது பின்பக்க அறையின் பிளக்குகள். மிஷின் நிஜத்தில் ஓடியது ஆறாவதில், அங்கே "உபரி" என்று எழுதியிருந்தது. இதைச் செய்யாமல் காகிதத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பியிருந்தால் அண்ணன் தவறான லைனில் வேலையைத் தொடங்கியிருப்பார்.

இதெல்லாம் எடுத்த பிறகும், எது விழுகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. "ஃபியூஸ் போகுது" என்பதில் எந்த ஃபியூஸ் என்ற பதில் இல்லை. அக்கா ஒவ்வொரு முறையும் இருட்டில் போய்க் கீழே கிடந்ததை மேலே தள்ளிவிட்டு வந்திருக்கிறாள். "அடுத்த தடவை விழுந்தா எதையும் தொடாதே. டார்ச் அடிச்சு ஒரு போட்டோ எடு. அப்புறம் தூக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாளில் படம் வந்தது. ஐசொலேட்டர் மேலே. ஆறு எம்சிபிகளும் மேலே. ஆர்சிசிபியின் லிவர் மட்டும் கீழே. இங்கே மேலா கீழா என்பதோடு லிவரில் இருக்கும் I, O குறிகளையும் பார்க்க வேண்டும். O தெரிந்தால் அணைந்திருக்கிறது. சில எம்சிபிகளில் விழுந்த லிவர் பாதியிலேயே நிற்கும், மங்கலான படத்தில் மேலே இருப்பதுபோலவே தோன்றும்.

இந்த ஒரு படம்தான் வேலையின் திசையைத் தீர்மானித்தது. அதிகச் சுமையோ ஷார்ட்டோ என்றால் ஆறாவது எம்சிபி விழுந்திருக்க வேண்டும். அது நின்று, ஆர்சிசிபி மட்டும் விழுந்ததால் எங்கோ எர்த்துக்குக் கசிகிறது. எப்போது விழுகிறது என்று அக்காவிடம் கேட்டேன். தண்ணீர் நிரம்பி, பத்து நிமிடம் போல ஓடிய பிறகு. குளிர்ந்த நீரில் துவைத்தால் விழுவதே இல்லையாம். வெந்நீர் வைத்தால்தான். அப்படியென்றால் மிஷினுக்குள் தண்ணீர் சூடாக்கும் எலிமென்ட் வேலை செய்யத் தொடங்கும் நேரம் அது. அண்ணன் முதல்முறை வந்தபோது குளிர்ந்த நீரில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் ஒன்றும் பிடிபடவில்லை. மிஷினின் பிளக்கைக் கழற்றிவைக்கச் சொல்லிவிட்டு, அண்ணனுக்கு எழுத உட்கார்ந்தேன்.

நான் அனுப்பியது இது:

"230 வோல்ட், சிங்கிள் ஃபேஸ். 12 இடப் போர்டு, வலக்கோடியில் 2 இடம் காலி. இடமிருந்து: ஐசொலேட்டர் 63A இரட்டை முனை. ஆர்சிசிபி 40A இரட்டை முனை, 0.03A, ஏசி வகை (மறுபடி படம் எடுத்து உறுதி செய்தது). பிறகு C6, C10, C16, C16, C32, C16, எல்லாம் 6000. சீல் பெட்டியில் வெளியே 60A. மிஷின் கடைசி C16-இல், அணைத்துப் பார்த்து உறுதி செய்தது, காகிதத்தில் இருப்பது தவறு. விழுவது ஆர்சிசிபி மட்டும், விழுந்த நிலையில் எடுத்த படம் இணைத்திருக்கிறேன். வெந்நீரில் துவைக்கும்போது மட்டும், சுமார் 10 நிமிடத்தில். இப்போது மிஷின் பிளக் கழற்றியிருக்கிறது. C32 பின்னால் மாற்றியது, ஹீட்டர் லைன், வயர் அளவு தெரியாது. மூடி திறக்கவில்லை."

அதோடு முழுப் போர்டின் படத்தில் 1-லிருந்து 12 வரை இடங்களுக்கு எண் எழுதி, குளோசப் படங்களுக்கும் அதே எண்ணை வைத்து அனுப்பினேன்.

அண்ணன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஹீட்டரின் தகட்டில் எத்தனை வாட் என்று. 3000 என்று படம் அனுப்பினேன். 3000-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 13 ஆம்பியர், அதற்கு 16 போதும் என்றார். "முன்னாடி 16 விழுந்துச்சுன்னா, ஒண்ணு அந்த எம்சிபியே தேஞ்சிருக்கும், இல்ல முனையில திருகு லூசா இருந்து சூடாகியிருக்கும், இல்ல அதே லைன்ல இன்னொண்ணும் ஓடியிருக்கும். எண்ணைப் பெருசாக்குறது அதுல எதுக்கும் வைத்தியம் இல்ல."

அவர் வந்தபோது மின்காப்பின் தடையை அளக்கும் மெகர், C16 எம்சிபி ஒன்று, 63 ஆம்பியர் 30 மில்லி ஆம்பியர் ஏ வகை ஆர்சிசிபி ஒன்று, எல்லாம் பையில் இருந்தன. முதலில் மிஷினைப் போர்டிலிருந்து தனியாக வைத்து மெகரால் அளந்தார். எலிமென்ட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே இருக்க வேண்டிய தடை வெகுவாகக் குறைந்திருந்தது. எலிமென்ட்டின் உறையில் மெல்லிய விரிசல், ஓரத்தில் வெளுத்த படிவு. வெளியே எடுத்துக் காட்டினார், நகத்தால் தடவினால் விரிசல் தட்டுப்பட்டது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15-க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழலாம், 30-க்குள் விழுந்தாக வேண்டும். அது தன் வேலையைத்தான் சரியாகச் செய்துகொண்டிருந்தது. படம் பார்க்காமல் ஆர்சிசிபியை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் அதே பத்தாவது நிமிடத்தில் விழுந்திருக்கும்.

அப்புறம் மூடியைத் திறந்தார். ஹீட்டர் லைனின் வயர் 2.5-தான். C32-இன் முனை அருகே வயரின் உறை பழுப்பாகி விறைத்திருந்தது. திருகைத் திருப்பிப் பார்த்தார், அரைச் சுற்றுக்கு மேல் தளர்ந்திருந்தது. முதலில் 16 விழுந்துகொண்டிருந்ததற்கு இந்தத் திருகின் சூடே போதுமான காரணம் என்றார். கருகிய நுனியை வெட்டி எடுத்து, புதிய முனை சீவி, C16 போட்டு இறுக்கினார். ஆர்சிசிபியை ஏ வகைக்கு மாற்றினார். 60A-க்குக் கீழே 40 தாங்கும் கருவி இருப்பது அவருக்கும் பிடிக்கவில்லை, அதனால்தான் 63. மாற்றிய பிறகு T பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று பார்த்தார், கருவியை வைத்து எவ்வளவு கசிவில் விழுகிறது என்றும் தனியாக அளந்தார். பொத்தான் உள்ளே இருக்கும் பொறி வேலை செய்கிறதைத்தான் காட்டும், வீட்டின் எர்த் நன்றாக இருக்கிறதா என்பதைக் காட்டாது என்று அக்காவிடம் சொன்னார். எர்த்தை அளந்ததும் அன்றைக்கே.

மொத்தம் ஒன்றரை மணி நேரம். மிஷினுக்குப் புது எலிமென்ட் அடுத்த வாரம் வந்தது. அன்று மாலையே கதவின் உட்புறக் காகிதத்தைக் கிழித்துவிட்டு, இடம் 1-லிருந்து 12 வரை, எந்த எண், எந்த அறை என்று புதிதாக எழுதி ஒட்டினேன். ஹீட்டர் லைனுக்கு நேராக "வயர் 2.5, 16-க்கு மேல் போடக் கூடாது" என்று சிவப்பு மையில், தேதியோடு.